கழுதைப்புலி சிரிக்குதா, கெஞ்சுதா? மாராவுல பதிவு பண்ண 40 செகண்ட்

நைரோபிக்காரன் | 14 ஆகஸ்ட் 2023, இரவு 9.20

சனிக்கிழமை காலைல மசாய் மாராவுல, தலேக் ஆத்துக்குப் பக்கத்துல, ஒரு வில்டபீஸ்ட் செத்துக் கெடந்துச்சு, 9 கழுதைப்புலி சுத்தி நின்னு தின்னுட்டு இருந்துச்சுங்க. மணி ஆறே முக்கால் இருக்கும், வெளிச்சம் இப்பத்தான் வருது. எங்க வண்டி 30 மீட்டர் தள்ளி. அதுல ஒண்ணு விலா எலும்பைப் பிச்சு வாயில கவ்விக்கிட்டு ஓடுச்சு, அதைவிடச் சின்னது ஒண்ணு வாலைத் தூக்கிக்கிட்டு துரத்துச்சு, அப்பத்தான் அந்தச் சிரிப்பு. ஹிஹிஹின்னு ஆரம்பிச்சு கீச்சுன்னு ஏறி, சட்டுன்னு இறங்கி, திரும்ப ஏறி... உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. போன்ல 40 செகண்ட் பதிவாகியிருக்கு, ஞாயித்துக்கிழமை முழுக்க அதையே கேட்டுட்டு இருக்கேன்.

கேள்வி இதுதான். ஜெயிச்சவன்தானே சிரிப்பான்? எலும்போட ஓடுனதுதான் பெருசு, அதுதான் சாப்பாட்டையும் தட்டிட்டுப் போச்சு, அதனால அதுதான் கூட்டத்துக்குத் தலைவி, தலைவிங்கிறதாலதான் சிரிக்குதுன்னு நான் நினைச்சேன். எங்க டிரைவர் 20 வருஷமா மாராவுல வண்டி ஓட்டுறவர், ஒரே வார்த்தையில இல்லைன்னுட்டார். "அது பயந்திருக்கு"ன்னார். இதுல யார் சரி?

காட்டுப்பூனை92 | 14 ஆகஸ்ட், இரவு 10.05

தலைவிதான் ப்ரோ. கழுதைப்புலி கூட்டத்துல பொம்பளைங்கதான் ராஜ்ஜியம், ஆம்பளைங்க கடைசி வரிசை. தலைவி சிரிச்சா மத்ததெல்லாம் கூடி வரும், அது ஒரு உத்தரவு மாதிரி. ராத்திரி பல கிலோமீட்டர் தள்ளிக்கூட கேக்கும்னு டிஸ்கவரில பாத்தேன்.

பவானிசாகர் கரை | 14 ஆகஸ்ட், இரவு 11.30

எங்க ஊர்லயும் இருக்குங்க. மாயாறு பக்கம் தோட்டத்துல ராத்திரி படுத்திருந்தா நாலஞ்சு சேந்து சிரிக்கற மாதிரி கேக்கும், அப்பறம் ஊளை. எங்க அப்பாரு அது கழுதைப்புலின்னுதான் சொல்லுவாரு. ஆட்டுப்பட்டிய பாத்துட்டு சிரிக்குதுன்னு சொல்லி எங்களைப் பயமுறுத்துவாரு.

ஒலிப்பெட்டி | 15 ஆகஸ்ட், காலை 7.10

மூணு பேரும் மூணு வேற சத்தத்தைப் பத்திப் பேசுறீங்க, அதனால பிரிச்சுக்கலாம். எனக்கு விலங்கு ஒலியை ஆராயறதுதான் வேலை, கழுதைப்புலியை நேர்ல பாத்தது ரெண்டு சீசன்தான், ஆனா அதுங்க குரலோட பல வருஷம் உக்காந்திருக்கேன்.

பவானிசாகர்ல இருக்கறது வரிக் கழுதைப்புலி. அது பெரும்பாலும் தனியா திரியும், ரொம்ப அமைதியான மிருகம், வர்ற சத்தம் பெரும்பாலும் உறுமல், முனகல்தான். இப்படிக் கூட்டமாச் சிரிக்கறது அதோட வழக்கம் இல்ல. சிரிக்கறது ஆப்பிரிக்காவுல இருக்கற புள்ளிக் கழுதைப்புலி. உங்க தோட்டத்துல கேக்கறது நரிக்கூட்டமா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், நாலஞ்சு நரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கத்துனா சிரிப்பு மாதிரியேதான் இருக்கும், முடிவுல ஊளையும் வரும்.

காட்டுப்பூனை சொல்ற தூரத்துச் சத்தம் சிரிப்பு இல்ல. அது "ஊ...ஊஊப்"னு தாழ்வா ஆரம்பிச்சு மேல ஏறி முடியற கூப்பாடு. அது கிலோமீட்டர் கணக்குல போகும். சிரிப்பு கிட்டத்துச் சத்தம், பக்கத்துல நிக்கறவங்களுக்கு.

உங்க டிரைவர் சொன்னது பெருமளவு சரி. ஹான்ஸ் குரூக் 1960கள்ல செரெங்கெட்டியிலயும் ங்கோரோங்கோரோலயும் ராத்திரி ராத்திரியா கழுதைப்புலி பின்னாடி வண்டியில போனவர். துரத்தப்படறது, அடி வாங்கறது, அதுவும் முக்கியமா சாப்பாட்டுக்காக அடி வாங்கறது, இந்த நேரத்துலதான் சிரிப்பு வருதுன்னு அப்பவே எழுதிட்டார். சந்தோஷத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. வீடியோவுல ஓடுனதோட வாலைப் பாருங்க, அது எங்க இருந்துச்சு?

நைரோபிக்காரன் | 15 ஆகஸ்ட், மதியம் 1.15

ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல இதைத்தான் பாத்தேன். பத்து தடவை ஓட்டிப் பாத்தாச்சு. எலும்போட ஓடுனதோட வால் வயித்துக்கு அடியில சுருண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு, காது பின்னால மடிஞ்சிருக்கு, உடம்பை மண்ணோட இழைச்சுக்கிட்டு ஓடுது. துரத்துனதோட வால் நட்டுக்கிட்டு நிக்குது, முனையில இருக்கற முடியெல்லாம் விரிஞ்சு பிரஷ் மாதிரி. சிரிப்பு யார்கிட்ட இருந்துன்னும் இப்பத் தெளிவாத் தெரியுது. எலும்போட ஓடுனது திரும்பித் திரும்பிப் பாக்குது, பாக்கும்போதெல்லாம் அதோட விலா குலுங்குது, அதே நேரத்துல சத்தம் வருது. வாய் நிறைய எலும்பு இருந்தும் சத்தம் தடைப்படல. துரத்துனது வாயே திறக்கல.

டிரைவர் அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன், சிரிச்சார்.

ஆனா ஒண்ணு இடிக்குது. ஓடுனது பெருசு, துரத்துனது சின்னது. பெருசு எதுக்குச் சின்னதுக்குப் பயப்படணும்?

ஒலிப்பெட்டி | 15 ஆகஸ்ட், இரவு 8.40

இவங்க கூட்டத்துல அந்தஸ்து உடம்பு அளவுல வர்றது இல்ல, அம்மா வழியா வருது. அம்மா எந்த இடமோ, குட்டி அதுக்கு அடுத்த இடம். அதுலயும் கடைசியாப் பொறந்த பொண்ணு அக்காமாரை விட மேல உக்காரும். வேற கூட்டத்துல இருந்து வந்து சேர்ற ஆண்கள் வரிசையோட அடியில சேரும். சண்டைன்னு வந்தா யாருக்கு ஆதரவா எத்தனை பேர் வருவாங்கங்கிறதுதான் கணக்கு, இதைத்தான் ங்கோரோங்கோரோ ஆராய்ச்சிக்காரங்க 2019ல காட்டுனாங்க. பெரிய வீட்டுக் குட்டி ஒண்ணு முழு வளர்ச்சி அடைஞ்ச இன்னொண்ணை சாப்பாட்டுல இருந்து சும்மா நடந்து வந்தே விரட்டும், அது நகரும்.

அதனால உங்க வீடியோவுல இருக்கற பெருசு கீழ் இடத்து அம்மாவோட பொண்ணா இருக்கலாம், சின்னது மேல் இடத்துக் குட்டியா இருக்கலாம். வெளிய இருந்து வந்த ஆணாவும் இருக்கலாம், ஆணா பொண்ணான்னு அந்தத் தூரத்துல பாத்துச் சொல்றது கஷ்டம், பொண்ணுக்கும் ஆண் உறுப்பு மாதிரியே இருக்கும். எலும்பு கையில இருக்குங்கிறதால ஜெயிச்சதா அர்த்தம் இல்ல. கூட்டமா உக்காந்தா ஒரு வரிக்குதிரையையே அரை மணி நேரத்துக்குள்ள முடிச்சிருவாங்க, கீழ இருக்கறதுக்கு ஒரே வழி கிடைச்சதைப் பிடுங்கிட்டு ஓடறதுதான்.

ஹரார் வாத்தியார் | 16 ஆகஸ்ட், காலை 6.30

தாமதமா வர்றேன். எத்தியோப்பியாவுல 11 வருஷம் பாடம் நடத்தினேன், அதுல நாலு வருஷம் ஹரார் பக்கம். மதில் சூழ்ந்த பழைய ஊர், ராத்திரி ஆனா மதிலுக்கு வெளிய ஒருத்தர் கூடை நிறைய இறைச்சித் துண்டோட உக்காருவார், ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருப்பார், பேர் சொல்லிக் கூப்பிடுவார், இருட்டுல இருந்து கண்ணு மின்ன வரும். குச்சியில இறைச்சியைச் சுத்தி வாய்கிட்ட நீட்டுவார். நானும் நீட்டியிருக்கேன், கை நடுங்குச்சு, அந்த மூச்சு முகத்துல பட்டது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

அங்க சிரிப்பு நிறையக் கேட்டிருக்கேன். நான் இத்தனை வருஷமா அது இறைச்சி கிடைச்ச சந்தோஷம்னுதான் பசங்களுக்குச் சொல்லிட்டு இருந்தேன். இந்த இழையைப் படிச்சிட்டு யோசிச்சுப் பாத்தா, குச்சியில இருந்து வாங்குறது சத்தமே போடாது. வாங்கும், விழுங்கும், திரும்ப நீட்டும். சத்தம் பின்னால நிக்கறதுங்ககிட்ட இருந்துதான். முன்னால வரப் பாக்கும், முன்னால நிக்கறது தலையைத் திருப்புன உடனே பின்வாங்கும், அப்ப வரும் அந்தச் சிரிப்பு. இறைச்சி வேணும், கிட்டப் போகவும் பயம். எத்தனை தடவை பாத்திருப்பேன், ஒரு தடவைகூட யார் சிரிக்குறாங்கன்னு பாக்கல.

ஒலிப்பெட்டி | 16 ஆகஸ்ட், இரவு 9.55

வாத்தியார் சார், நீங்க சொன்ன "வேணும், பயமாவும் இருக்கு" அதுதான் இந்த விஷயத்தோட முடிச்சே. எங்க துறை ஆளுங்க கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல செஞ்ச வேலையும் இதே மாதிரி நிலைமையிலதான். 1980கள் நடுவுல கென்யாவுல இருந்து குட்டிங்களைக் கொண்டுபோய் ஒரு கூட்டத்தை வளர்த்தாங்க, 2014 வரைக்கும் இருந்துச்சு. நிக்கோலா மாத்தெவோன், ஃபிரெடெரிக் தியூனிசன், ஸ்டீஃபன் கிளிக்மன் இவங்கெல்லாம் சேந்து அங்க இருந்த 26 கழுதைப்புலிங்க குரலை வச்சு எழுதுன கட்டுரை 2010ல வந்துச்சு. வளர்ப்புக் கூட்டம்ங்கிறதால எது எந்த வயசு, ஜோடியில யார் மேல யார் கீழன்னு எல்லாம் தெரியும், காட்டுல இந்த வசதி கிடைக்காது.

அதுல என்ன தெரிஞ்சுச்சுன்னா, சிரிப்புங்கிறது குட்டிக் குட்டி சத்தங்களோட ஒரு சரம். அந்தச் சரத்தோட சுருதி வயசைச் சொல்லுது, வயசு ஏற ஏற குரல் இறங்குது. சரத்துக்குள்ள ஒரு சத்தத்துக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு மாறுதுங்கிறது அந்தஸ்தைச் சொல்லுது, கீழ இருக்கறது ஏத்தி இறக்கி அலைபாயும், மேல இருக்கறது ஒரே மாதிரி அடக்கமாப் போகும். இதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் தனிச் சாயல் வேற இருக்கு, நம்ம வீட்ல பக்கத்து ரூம்ல யார் சிரிச்சாங்கன்னு குரலை வச்சே சொல்ற மாதிரி.

காட்டுப்பூனை92 | 16 ஆகஸ்ட், இரவு 10.20

அக்கா அப்ப நான் சொன்னதும் பாதி சரிதானே? குரல் கனமா இருந்தா தலைவி. கீச்சுன்னு இருந்தா கடைசி ஆளு.

ஒலிப்பெட்டி | 16 ஆகஸ்ட், இரவு 10.50

இல்ல தம்பி, இதுலதான் நிறைய பேர் வழுக்குறாங்க. கனம் வயசுக்கு. அந்தஸ்து அலைபாயறதுல இருக்கு. கடைசி இடத்துல இருக்கற ஒரு கிழவி கனமான குரல்ல, ஆனா தாறுமாறா ஏறி இறங்கிச் சிரிப்பா. மேல் வீட்டுச் சின்னப் பொண்ணு கீச்சுக்குரல்ல, ஆனா ஒரே சீரா. ரெண்டையும் ஒண்ணாக்குனா தப்பான ஆளுக்கு மாலை போட்டுருவோம்.

நீங்க சரியாச் சொன்னது பெண்கள் ராஜ்ஜியம்ங்கிறது. சிரிப்பு உத்தரவு இல்ல, மேல இருக்கறவங்களும் சிரிப்பாங்க, அவங்களுக்கும் வேணுங்கறது கைக்கு எட்டாம இருந்தா வரும். ஆனா அடக்கமா.

நைரோபிக்காரன் | 18 ஆகஸ்ட், இரவு 11.40

ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. Audacityன்னு ஒலி எடிட் பண்ற சாஃப்ட்வேரை இறக்கி பதிவை அதுல போட்டேன், அலை மாதிரி காட்டுறதை மாத்தி, சுருதி ஏற ஏற கோடு மேல போற மாதிரி காட்டுற Spectrogram வச்சேன். சிரிப்பு இருக்கற இடம் சின்னச் சின்ன வளைஞ்ச கோடா அடுக்கடுக்காத் தெரியுது, படிக்கட்டு உடைஞ்சு கெடக்கற மாதிரி. அந்த ஓட்டத்துல மட்டும் 14 சத்தம் எண்ணுனேன். ஒவ்வொரு அடுக்குலயும் எல்லாத்துக்கும் கீழ இருக்கற கோட்டை எடுத்துப் பாத்தா, நாலாவது சத்தம் மூணாவதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரம், அஞ்சாவது திரும்ப கீழ, ஒம்போதாவது உச்சி. சீராவே இல்ல. அலைபாயுது.

அக்கா சொன்னதை அப்படியே வச்சா இது கீழ் இடத்து ஆளு. வாலும் அதைத்தான் சொல்லுது, துரத்துனதோட வாலும் அதைத்தான் சொல்லுது. முடிஞ்சுதுன்னு நினைக்கிறேன்.

ஒலிப்பெட்டி | 19 ஆகஸ்ட், காலை 9.00

நல்லா பண்ணியிருக்கீங்க, மனசார சொல்றேன். ஆனா முடியல.

ஒண்ணு, கட்டுரையில சொன்னது நிறைய சிரிப்புங்களை வச்சு வந்த போக்கு. ஒரே ஒரு சரத்தை வச்சு ஒரு ஆளோட இடத்தைச் சொல்ல முடியாது. தலைவியையே சிங்கம் துரத்துனா அவளும் அலைபாய்வா. அதே ஆளை வேற வேற நாள்ல, வேற வேற எதிராளியோட பதிவு பண்ணி, இருக்கற ஏத்த இறக்கத்துல எவ்வளவு அவளோடது, எவ்வளவு அந்த நிமிஷத்துப் பதட்டம்னு பிரிக்கணும்.

ரெண்டு, நாலாவது சத்தம் ரெண்டு மடங்கு ஏறுச்சுன்னீங்க. அங்க சந்தேகப்படுங்க. கீழ்க்கோடு மங்கலா இருந்தா போன் மைக் அதை விட்டுட்டு அதுக்கு மேல இருக்கற கோட்டை மட்டும் காட்டும், நாம அதையே கீழ்க்கோடுன்னு எடுத்துக்குவோம். அப்ப சரியா ரெண்டு மடங்கு வரும். வண்டி இன்ஜின் ஓடுச்சா? ஓடுச்சுன்னா கீழ்ப்பக்கம் முழுக்க அந்த உறுமல்தான் இருக்கும். எப்படித் தெரிஞ்சுக்கறதுன்னா, அந்தச் சத்தத்துல அடுக்கடுக்கா இருக்கற கோடுங்களுக்கு நடுவுல உள்ள இடைவெளியை அளங்க. இடைவெளிதான் நிஜச் சுருதி, அது பக்கத்துச் சத்தத்தோட ஒத்துப்போனா ஏத்தம் பொய்.

மூணு, 9 பேர் இருந்தாங்க. அந்த 14ல எல்லாமே ஒரே வாயிலதான் வந்துச்சா?

நைரோபிக்காரன் | 19 ஆகஸ்ட், மாலை 6.25

அளந்தேன். நாலாவது சத்தம் பொய்தான், இடைவெளி மூணாவதோட அப்படியே ஒத்துப்போகுது. டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைச்சது 20வது செகண்ட்லதான், அதுக்கு முன்னால உள்ளதெல்லாம் சந்தேகம். ஒம்போதாவது நிஜம், அது இன்ஜின் நின்ன பிறகு, இடைவெளியும் அகலம். 11, 12 ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு, ஒரே தொண்டையில ரெண்டு வராது, அதனால வேற யாரோ. ஆக நம்பிச் சொல்லக்கூடியது அஞ்சே சத்தம். அந்த அஞ்சுல ஏத்த இறக்கம் இருக்கு, ஆனா நேத்து நான் சொன்ன அளவுக்கு இல்ல. நேத்து எழுதுன "முடிஞ்சுது"ங்கிறதை எடுத்துக்கறேன். பயந்திருக்குங்கிறதுக்கு வாலும் காதும் சாட்சி. கீழ் இடம்ங்கிறதுக்கு அந்த நிமிஷம் மட்டும்தான் சாட்சி.

ஹரார் வாத்தியார் | 20 ஆகஸ்ட், காலை 6.45

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம் அம்மா. சிரிப்புல வயசு இருக்கு, இடம் இருக்கு, ஆள் இருக்குன்னு நீங்க கம்ப்யூட்டர்ல கண்டுபிடிச்சீங்க. கேக்கற கழுதைப்புலி அதைப் படிக்குதா? என் கையெழுத்துல இருந்து எனக்கு வலது கைன்னு ஒரு நிபுணர் சொல்லலாம், அதனால என் மாணவன் அதைக் கவனிக்குறான்னு ஆகாதே.

ஒலிப்பெட்டி | 20 ஆகஸ்ட், மதியம் 12.30

சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க சார். அந்தக் கட்டுரையும் இதையேதான் சொல்லி நிறுத்துது, செய்தி குரல்ல இருக்குன்னு காட்டியாச்சு, கேக்கறவங்க பயன்படுத்துறாங்களான்னு பதிவைப் போட்டுக் காட்டித்தான் பாக்கணும்னு.

தூரத்துக் கூப்பாட்டுக்கு அந்த வேலை நடந்திருக்கு. கே ஹோல்காம்ப் குழு 1988ல இருந்து மாராவுல, அதே தலேக் பக்கம் இருக்காங்க. குட்டிங்க கூப்பிடற பதிவை ஒலிபெருக்கியில போட்டா, அம்மா தன் குட்டியோட குரலுக்குத்தான் அதிகமா எழுந்து வருது. இன்னொரு சோதனையில அந்நியக் கழுதைப்புலிங்க குரலை ஒண்ணு, ரெண்டு, மூணு ஆள்னு போட்டாங்க, ஆள் எண்ணிக்கை ஏற ஏற இவங்க உஷாரும் ஏறுச்சு, நம்ம பக்கம் எத்தனை பேர்ங்கிறதையும் பாத்துத்தான் கிட்டப் போறாங்க. ஆக குரலை வச்சு ஆளைப் பிரிக்கற திறமை இருக்கு. 2022ல வந்த வேலை இன்னும் அழகு, கூப்பாட்டுல ஆளோட அடையாளம் இருக்கு, ஆனா கூட்டத்துக்குன்னு பொதுக் குரல் இல்ல. நம்ம ஆளா அந்நியனான்னு தெரியணும்னா ஒவ்வொருத்தர் குரலையும் தனித்தனியா மனசுல வச்சிருக்கணும். மாரா கூட்டம் சிலது 100 பேருக்கு மேல.

சிரிப்புக்கு அந்த மாதிரி முடிவு இன்னும் கையில இல்ல. படிக்கும்னுதான் எனக்குத் தோணுது, இருட்டுல பத்து பேர் ஒரே பிணத்து மேல விழும்போது, யார் விட்டுக் கொடுக்கப் போறா, யார்கிட்ட மோதக் கூடாதுன்னு தெரிஞ்சா கடி மிச்சம். ஆனா தோணுறதை நான் முடிவுன்னு எழுத மாட்டேன்.

நைரோபிக்காரன் | 20 ஆகஸ்ட், இரவு 10.10

நான் முதல்லயே சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. 40 செகண்டுக்கு அப்பறம் நடந்தது. சிரிப்பு நின்னு மூணு நிமிஷம் இருக்கும், புல்லுக்குள்ள இருந்து ஒரு பெண் சிங்கம் எழுந்துச்சு. ஓடல, நேரா நடந்து வந்துச்சு. கழுதைப்புலிங்க ஒதுங்குச்சு, அதுல ஒண்ணு தலையைத் தாழ்த்தி மண்ணைப் பாத்துக்கிட்டே அந்த "ஊஊப்"பை ஏழெட்டுத் தடவை விட்டுச்சு. கொஞ்ச நேரத்துல ஆத்துப் பக்கம் இருந்து ரெண்டு கழுதைப்புலி ஓடி வந்துச்சு. சிங்கம் தின்னுச்சு, இவங்க 11 பேரும் வளைச்சு நின்னாங்க. எங்களுக்குக் கேட் நேரம் ஆகிப்போச்சு, கிளம்பிட்டோம்.

டிரைவர் அண்ணன் சொல்றார், சிங்கத்தைக் கூப்பிட்டதே அந்தச் சிரிப்புதானாம். எலும்புக்காக ஒருத்தி கத்துனதுல எல்லார் சாப்பாடும் போச்சுன்னார்.

ஒலிப்பெட்டி | 20 ஆகஸ்ட், இரவு 10.45

குரூக்கே பதிவு பண்ண கழுதைப்புலிச் சத்தத்தைப் போட்டு சிங்கத்தை வரவழைச்சிருக்கார். ங்கோரோங்கோரோல கழுதைப்புலி வேட்டையாடி, சிங்கம் பிடுங்கித் தின்னதுதான் அவர் அதிகம் பாத்தது. அதனால உங்க அண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு, சத்தத்துக்கு விலை உண்டு. ஆனா உங்க சிங்கம் வந்தது சிரிப்புக்கா, ரத்த வாசனைக்கா, கழுகு இறங்கினதைப் பாத்தா? கழுகு இருந்துச்சா?

நைரோபிக்காரன் | 20 ஆகஸ்ட், இரவு 11.05

மரத்துல ரெண்டு. கீழ இறங்கல. வெயில் ஏறல இன்னும்.

காட்டுப்பூனை92 | 20 ஆகஸ்ட், இரவு 11.20

அப்ப அந்த ரெண்டு பேர் ஓடி வந்தது "ஊஊப்"புக்குத்தானே. அதையாச்சும் விட்டுக் கொடுங்க அக்கா 😀

ஒலிப்பெட்டி | 20 ஆகஸ்ட், இரவு 11.30

அது உங்களுக்கே தம்பி. ஏழெட்டுத் தடவை திரும்பத் திரும்ப விட்டதுக்கும் காரணம் இருக்கு, தூரத்துல காத்துல பாதி அழிஞ்சாலும் மிச்சத்தை வச்சு யார் கூப்பிடறான்னு தெரிஞ்சிரும்.

பவானிசாகர் கரை | 22 ஆகஸ்ட், இரவு 9.15

நேத்து ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பாத்தேனுங்க. நரிதான். நாலு. அப்பாருகிட்டச் சொன்னேன், அவர் ஒத்துக்கல.

நைரோபிக்காரன் | 3 செப்டம்பர், இரவு 8.50

போன வாரம் திரும்பப் போனேன். இந்தத் தடவை பக்கத்து வண்டிக்காரரையும் கேட்டு இன்ஜின் அணைக்க வச்சேன், மைக்குக்குப் பஞ்சு மாட்டினேன். ரெண்டு நாள் காத்திருந்தும் சாப்பாட்டுச் சண்டை கிடைக்கல. வளை ஒண்ணு கிட்ட நின்னோம், அம்மா ஒண்ணு வந்து வாசல்ல குனிஞ்சு ரொம்பத் தாழ்வா ஒரு முனகல் விட்டுச்சு, பக்கத்து வண்டியில இருந்தவங்களுக்குக் கேக்கவே இல்ல. கருப்பா ரெண்டு குட்டி வெளிய வந்துச்சு.

அந்த அம்மாவோட இடது காதுல ஒரு கிழிசல் இருக்கு. பழைய வீடியோவை எடுத்துப் பாத்தேன். எலும்போட ஓடுனதுக்கும் இடது காதுல அதே இடத்துல கிழிசல். புள்ளிங்களை ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்துட்டு இருக்கேன், வலது பக்கம் இன்னும் முடியல.